பெரிய குடும்பத்தில் கிறிஸ்துமஸ் ரகசியப் பரிசுச் சீட்டு: எல்லா வயதினருக்கும் நியாயமான விதிகள்

கேள்வி: அப்பாவையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் நாகர்கோவிலில் பெரியப்பா வீட்டில் கூடுகிறோம். தாத்தா, பாட்டியோடு பெரியப்பா வீட்டில் 7 பேர், மாமாவின் அம்மாவைச் சேர்த்து பெரிய அத்தை வீட்டில் 5 பேர், துபாயில் இருக்கும் அத்தை மகள் குடும்பம் 3 பேர் (அவர்களால் வர முடியாது), எங்கள் வீட்டில் 4, சித்தப்பா வீட்டில் 5, சின்ன அத்தை வீட்டில் 4. ஆக 28 பேர். இதில் 21, 19, 16, 12, 9, 8, 6, 5, 4, 1 என்று பத்துப் பிள்ளைகள். ரகசியமாகச் சீட்டு எடுத்துப் பரிசு கொடுக்கலாம் என்று ஆசை. யாருக்கும் மனவருத்தம் வராதபடி விதிகளை எப்படி வைப்பது? சீட்டை எப்படி எடுப்பது?

பதில்:

28 பேரின் பெயரையும் ஒரே கிண்ணத்தில் போட வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்லக்கூடியது. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் என்று ஆடும்போது ஒரே கிண்ணமும் ஒரே தொகையும் போதுமானவையாக இருக்கின்றன. ஏனென்றால் அங்கே எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே நிலையில் இருப்பவர்கள். ஓய்வூதியத்தில் வாழும் தாத்தாவும் மாதச் சம்பளக்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே குலுக்கலில் சேரும்போது எந்தத் தொகையை வைத்தாலும் யாராவது ஒருவருக்கு இடிக்கும். கொடுப்பவருக்குத் தக்கபடி தொகை என்று வைத்தால், 12 வயதுப் பிள்ளையின் சீட்டில் வந்த பெரியம்மாவுக்கு 150 ரூபாய்ப் பொருளும், பெரியப்பாவின் சீட்டில் வந்த சித்திக்கு 1000 ரூபாய்ப் பொருளும் போய்ச் சேரும். இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். பெறுபவருக்குத் தக்கபடி தொகை என்று வைத்தாலோ, அந்தப் பிள்ளையின் பெற்றோர் தலையில் பெரியவருக்கான செலவு விழும். ஆகவே ஒரு குலுக்கலுக்குள் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.

உங்கள் குடும்பத்தை நான் மூன்றாகப் பிரிப்பேன். பத்துப் பிள்ளைகள் நீங்கலாக உள்ள 18 பேரும் பெரியவர் குழு. 21, 19, 16, 12, 9, 8 வயதுள்ள ஆறு பேரும் இளையோர் குழு. 6, 5, 4, 1 வயதுள்ள நால்வரும் பரிசு பெறுவார்கள். ஆனால் சீட்டு எடுக்க மாட்டார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளைத் தனிக் குழுவாக வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் குடும்பத்தில் 16 வயதோ அதற்கு மேலோ ஆகி இன்னும் சம்பாதிக்காதவர்கள் மூவர்தான். மூன்று பேர் கொண்ட குலுக்கலில் ரகசியமே இருக்காது. அ என்பவர் ஆ என்பவரின் பெயரை எடுத்துவிட்டால், ஆ எடுத்தது இ, இ எடுத்தது அ என்பது அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிடும்; வேறு வழியில் அமைய இடமில்லை. ஆறு பேருக்குக் குறைந்த குழுவை நான் ஒருபோதும் அமைப்பதில்லை. 21 வயதுப் பெண்ணுக்கு 8 வயதுத் தம்பி பரிசு கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் அந்தப் பொட்டலத்தைத்தான் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

எட்டு வயதைக் கீழ் எல்லையாக நான் வைப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு வாரம் ஒரு ரகசியத்தைக் காப்பதும், தனக்குப் பிடித்ததை விட்டு இன்னொருவருக்குப் பிடித்ததைத் தேடுவதும் அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளால் பெரும்பாலும் முடியாது. ஆறு வயதுக் குழந்தையின் பெயரில் சீட்டு எடுத்தால் உண்மையில் அம்மாதான் எடுக்கிறார், அம்மாதான் வாங்குகிறார். குழந்தையோ மறுநாளே, "அத்தை, உங்களுக்கு என்ன வாங்கினோம் என்று சொல்ல மாட்டேனே" என்று சொல்லிவிடும். உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்தப்பாவின் 12, 9 வயதுப் பிள்ளைகள் குலுக்கலில் இருக்க, 6 வயதுக் கடைக்குட்டி மட்டும் வெளியே நிற்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பதவி கொடுத்துவிடுங்கள்: கிறிஸ்துமஸ் அன்று மரத்தடியிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. அதற்குப் பிறகு சீட்டு எடுக்கவில்லையே என்ற எண்ணம் வருவதில்லை.

இந்த நால்வரின் பரிசுக்கான செலவை யார் ஏற்பது என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. நால்வரின் பெயரையும் பெரியவர் கிண்ணத்திலேயே போட்டால், பெறுபவர்கள் 22, கொடுப்பவர்கள் 18 என்றாகி, நான்கு பேருக்கு மட்டும் இரட்டைச் செலவு வரும். பெற்றோரே கொடுக்கட்டும் என்றால் அதில் குலுக்கலும் இல்லை, ரகசியமும் இல்லை. பெரியவர் ஒவ்வொருவரும் 50 ரூபாய் பொதுவில் போடுவது இதற்கு எளிய வழி. 18 பேருக்கு 900 ரூபாய் சேரும். குழந்தைக்கு 200 ரூபாய் வீதம் நால்வருக்கு 800 போக, மீதி 100 ரூபாய் வண்ணத்தாளுக்கும் ஒட்டுநாடாவுக்கும் ஆகும். கைக்குழந்தைகள் இல்லாத யாராவது ஒருவர் நான்கையும் வாங்கி, கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரை எழுதி வைத்துவிடலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு வாங்கும் பொருளில் கழன்று வரக்கூடிய சிறு பாகமோ, காசு வடிவச் சிறு பேட்டரியோ இருக்கக் கூடாது என்பதை மட்டும் வாங்குபவரிடம் சொல்லி வையுங்கள்.

இனி தொகை. இதை எல்லாரும் கூடியிருக்கும் இடத்திலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ பேசி முடிவுசெய்யக் கூடாது. முதலில் பேசுபவர் 1000 என்று சொல்லிவிட்டால், 400 என்று நினைத்திருந்தவர் வாயைத் திறக்க மாட்டார். ஆகவே பெரியவர் 18 பேரும், "சிரமமில்லாமல் ஒரு பரிசுக்கு நான் செலவிடக்கூடியது இவ்வளவு" என்று ஒரே ஒருவருக்குத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் 500 என்றும், மூவர் 1000 என்றும், இருவர் 750 என்றும், ஒருவர் 400 என்றும் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் 600 ரூபாயைத் தாண்டும். பெரும்பான்மையைப் பார்த்தால் 500. நான் 400 என்றே வைப்பேன். அதிகம் செலவிட விரும்புபவருக்குக் குறைவாகச் செலவிடுவதால் எந்த இழப்பும் இல்லை. 400 என்று எழுதியவருக்குக் கூடுதல் 100 ரூபாய் என்பது அந்த மாதத்தின் வேறு ஏதோ ஒரு செலவைத் தள்ளிவைப்பதாக இருக்கலாம். அந்த 400 யாருடையது என்பதைக் கேட்டறிந்தவர் எக்காலத்திலும் சொல்லக் கூடாது. அறிவிக்கும்போது, "இந்த ஆண்டுத் தொகை 350 முதல் 400 ரூபாய் வரை" என்று சொன்னால் போதும். எப்படி வந்தது என்ற விளக்கம் தேவையில்லை.

இளையோர் குழுவுக்கு 200 ரூபாய் வையுங்கள். குழந்தைகளுக்கும் அதே 200 என்பதால், இருபது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடையே பெரிய வேறுபாடு கண்ணில் படாது. கையால் செய்த பொருள் எதுவானாலும், செலவு 20 ரூபாயே ஆனாலும், முழுப் பரிசாகவே கருதப்படும் என்பதை விதியாகவே சொல்லிவிடுங்கள். 16 வயதுத் தம்பிக்கு அது மிகவும் உதவும்.

இந்தத் தொகைகள் வீட்டுக்கு வீடு எப்படி விழுகின்றன என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சித்தப்பா வீட்டில் பெரியவர் இருவருக்கு 800, இளையோர் இருவருக்கு 400, பொதுவுக்கு 100, ஆக 1300 ரூபாய் வெளியே போகிறது. அந்த வீட்டுக்கு வருவது 800, 400, கடைக்குட்டிக்கு 200, ஆக 1400 ரூபாய் மதிப்புள்ள பரிசுகள். பெரிய அத்தை வீட்டிலிருந்து 1750 போகிறது, 1600 வருகிறது. இந்த 150 ரூபாய் வேறுபாடு குழந்தைகளுக்கான பங்கு மட்டுமே. ஒவ்வொரு குழுவிலும் கொடுக்கும் கைகளும் பெறும் கைகளும் சம எண்ணிக்கையில் இருப்பதால், பிள்ளைகள் அதிகமுள்ள வீடும் பிள்ளைகளே இல்லாத வீடும் ஏறத்தாழச் சரியாக நிற்கின்றன. ஆனால் கையிலிருந்து போகும் ரொக்கம் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. சித்தப்பா வீட்டில் ஒருவர் சம்பளம் மட்டும் என்றால், பெரியவர் தொகையை 1000 என்று வைத்திருந்தால் அந்த வீட்டுக்கு 2500 ரூபாய் ஆகியிருக்கும். குறைந்த தொகையை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில், "கணவன் மனைவியை ஒரு சீட்டாக வைத்துவிடலாமே, செலவு பாதியாகுமே" என்று யாராவது சொல்வார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். தம்பதிக்கு என்று வாங்கும் பரிசு பெரும்பாலும் வீட்டுக்கான பாத்திரமாகவோ போர்வையாகவோ முடிந்துவிடுகிறது. வீட்டிலேயே இருக்கும் அத்தைக்கும் சித்திக்கும் தங்கள் பெயர் மட்டும் எழுதிய பொட்டலம் ஆண்டில் வேறு எப்போதும் வராமல் இருக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் தொகையைக் குறையுங்கள். ஆளைக் குறைக்க வேண்டாம்.

தாத்தா, பாட்டியையும் குலுக்கலிலிருந்து விலக்காதீர்கள். "எங்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்று அவர்கள் சொன்னாலும், மற்றவர்கள் பொட்டலம் பிரிக்கும்போது வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது யாருக்கும் நன்றாக இராது. அவர்களும் மற்றப் பெரியவர்களைப் போலவே ஒரு சீட்டு எடுத்து, ஒருவருக்கு மட்டும் கொடுக்கட்டும். பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று பாட்டி விரும்பினால், அது மரத்தடியில் வேண்டாம். புத்தாண்டு அன்று ஆசீர்வதித்துக் கையில் பணம் கொடுப்பதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நாளில் கலந்தால் 200 ரூபாய் விதி பிள்ளைகள் கண்ணெதிரிலேயே பொருளற்றுப் போய்விடும்.

அடுத்தது சீட்டு எடுக்கும் முறை. எல்லாப் பெயர்களையும் ஒரே கிண்ணத்தில் போட்டு ஆளுக்கொன்று எடுத்தால், யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 63 சதவீதம். பத்துப் பேரானாலும் நூறு பேரானாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். தன் பெயர் வந்தால் திருப்பிப் போட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. கடைசியாக எடுப்பவருக்குத் தன் பெயர் மட்டுமே மிஞ்சினால் திருப்பிப் போட இடமே இல்லை. மூன்று பேர் வரிசையாக எடுத்தால்கூட நான்கில் ஒரு முறை இப்படி முட்டிக்கொள்ளும். அதோடு, கணவன் மனைவி எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியும் இருக்கும்போது ஒருவர் சீட்டைத் திருப்பிப் போட்டால், அவர் கையில் வந்தது எந்த இரண்டு பெயர்களில் ஒன்று என்பது சுற்றி நிற்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த இரண்டில் எதுவும் இனி அவருக்கு இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

இவ்வளவு தொல்லையையும் தவிர்க்க இரண்டு கிண்ணங்கள் போதும். வீடுகளை உடைக்காமல், பெரியவர்களைச் சமமான இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். பெரியப்பா வீட்டுப் பெரியவர்கள் ஆறு பேரும் பெரிய அத்தை வீட்டுப் பெரியவர்கள் மூவரும் சேர்ந்து ஒன்பது பேர் முதல் அணி. துபாய் தம்பதி, உங்கள் வீட்டு மூவர், சித்தப்பா, சித்தி, சின்ன அத்தை, சின்ன மாமா ஆகிய ஒன்பது பேர் இரண்டாம் அணி. முதல் அணியின் பெயர்கள் ஒரு கிண்ணத்தில், இரண்டாம் அணியின் பெயர்கள் மறு கிண்ணத்தில். ஒவ்வோர் அணியும் எதிர் அணியின் கிண்ணத்திலிருந்து எடுக்கிறது. தன் பெயர் தனக்கு வர வழியே இல்லை. கணவனுக்கு மனைவி, மாமியாருக்கு மருமகள் என்று ஒரே வீட்டுக்குள் சுற்றவும் வழியில்லை. எதையும் திருப்பிப் போட வேண்டிய தேவையும் இல்லை. இளையோரும் அப்படியே: பெரிய அத்தையின் பிள்ளைகள் இருவரும் உங்கள் தம்பியும் ஓர் அணி; சித்தப்பாவின் பிள்ளைகள் இருவரும் சின்ன அத்தையின் 8 வயதுப் பிள்ளையும் மறு அணி.

இந்த முறைக்குச் சில எல்லைகள் உண்டு. தனக்குக் கொடுப்பவர் எதிர் அணியில்தான் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதாவது 17 பேரில் ஒருவர் என்பதற்குப் பதிலாக 9 பேரில் ஒருவர், இளையோரிடையே மூவரில் ஒருவர். ஒருவரையொருவர் எடுத்துக்கொள்ளும் இணையும் அமையலாம். சராசரியாக ஒரு குலுக்கலுக்கு ஓர் இணை அப்படி வரும். பிரிக்கும் நாளில் அது சிரிப்பை வரவழைக்குமே தவிர, அதற்கு முன் யாருக்கும் தெரியாது என்பதால் நான் அதைக் குறையாகக் கருதுவதில்லை. ஓர் அணியில் ஒரு வீடு மட்டும் இருந்துவிடக் கூடாது என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் அந்த வீட்டார் கூடிப் பேசியே தங்கள் அணியில் யார் யாரை எடுத்தார்கள் என்பது முழுவதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இணையத்தில் இதற்கென உள்ள சேவைகள் இந்த விலக்குகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் என்றாலும், அவற்றில் சில ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியை எதிர்பார்க்கின்றன. பாட்டிக்கும் 8 வயதுப் பிள்ளைக்கும் அது இருக்காது.

நீங்கள் எல்லாரும் கூடுவதே கிறிஸ்துமஸுக்குத்தான் என்பதால், குலுக்கலைக் காணொளி அழைப்பில் நடத்த வேண்டியிருக்கும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையுள்ள நாட்களில் ஒன்றில் வரும். அன்று மாலை சரியாக இருக்கும். அதற்கு முன்பே நடத்தினால் மறந்துபோவார்கள், டிசம்பர் நடுவில் நடத்தினால் அவசரத்தில் எதையாவது வாங்குவார்கள். நடத்துபவர் அந்தக் குழுவில் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். பெரியவர் குலுக்கலை அத்தையின் 21 வயது மகள் நடத்தட்டும். இளையோர் குலுக்கலை நீங்கள் நடத்துங்கள். தொகையைத் தனித்தனியாகக் கேட்டறியும் பொறுப்பையும் அந்தப் பெண்ணிடமே விடலாம். அவளுக்கு அந்தத் தொகையில் சொந்த நலன் எதுவும் இல்லை.

செய்முறை எளிது. அவள் ஒவ்வொரு பெயரையும் ஒரு உறைக்குள் வைத்து ஒட்டி, உறைகளைக் கலைத்து, பிறகு மேலே 1 முதல் 9 வரை எண் எழுதுகிறாள். அழைப்பில் ஒவ்வொருவரும் எதிர் அணியின் உறைகளில் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள்; எல்லார் முன்னிலையிலும் அந்த உறை அவர் பெயருக்கு ஒதுக்கப்படுகிறது. துபாயில் உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே எண்ணைச் சொல்கிறார்கள். அழைப்பு முடிந்ததும் அவள் உறைகளைப் பிரித்து, சீட்டின் படத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புகிறாள். ஒரே தொலைபேசியைக் கணவனும் மனைவியும் பார்க்கும் வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்புவது நல்லது. தாத்தா, பாட்டிக்கு அவள் தனியாகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லட்டும். யாருக்கு யார் என்ற முழுப் பட்டியலை ஒரு தாளில் எழுதித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய அம்மா கேட்டாலும் காட்டக் கூடாது.

சீட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் பாதிப் பேருக்குக் கோப்பையும் கைக்குட்டையும்தான் வரும். ஒவ்வொருவரும் பெயரோடு, பிடித்தவை இரண்டு மூன்று, ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால் வேண்டாதவை, உடை என்றால் அளவு, சர்க்கரை நோய் உண்டா என்பதையும் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றாலே கேக்கும் முந்திரிக்கொத்தும் பொட்டலமாகிவிடுவதால் கடைசியாகச் சொன்னது முக்கியமானது. மூத்தவர்கள் பெரும்பாலும், "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றே எழுதுவார்கள். மாமாவின் அம்மாவுக்கு இந்தக் குடும்பத்தில் பலரை அவ்வளவாகத் தெரியாது; அவரை எடுப்பவருக்கும் அவரைத் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்காக, நடத்துபவரே வீட்டில் உள்ள ஒருவரிடம் விசாரித்து, அவர் எந்த வகைச் சால்வை போடுகிறார், பெரிய எழுத்து வேதாகமம் வைத்திருக்கிறாரா, எந்த எண்ணெய் தேய்க்கிறார் என்பன போன்ற செய்திகளைச் சீட்டில் சேர்த்துவிட வேண்டும். புதிதாக மணமாகி வந்த மருமகள் யாராவது இருந்தால் அவருக்கும் இதே உதவி தேவைப்படும்.

விலையைப் பற்றிய வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்காமல், கணக்கில் வருவது கையிலிருந்து செலவான தொகைதான், பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள். 799 என்று அச்சிட்ட பொருள் இணையத்தில் 380 ரூபாய்க்குக் கிடைக்கலாம். அது விதிக்கு உட்பட்டதே. கொண்டுவந்து தரும் கட்டணம் கணக்கில் சேராது. விலைச்சீட்டைக் கிழித்துவிட வேண்டும். வீட்டில் கிடந்த பரிசை மறுபடி சுற்றிக் கொடுப்பதை நான் தடைசெய்வதில்லை, ஆனால் அதே குடும்பத்தில் யாரோ கொடுத்தது திரும்பி வந்தால் உண்டாகும் சங்கடத்தை ஒருவரும் விரும்ப மாட்டார்கள்.

இளையோர் குழுவில் விதி மீறுபவர்கள் பிள்ளைகள் அல்லர், பெற்றோர்தான். பிள்ளை 180 ரூபாய்க்கு ஒரு வண்ணப் பென்சில் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும். அதன் அப்பா, "இது போதாது, நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்று 600 ரூபாய்க்கு வேறொன்று வாங்கிவிடுவார். பெரியவர் குழுவிலும் ஒருவர் 1500 ரூபாய்க்குப் புடவை எடுத்து வந்துவிட்டால், அதைப் பெற்றவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சங்கடம். இதற்குத் தண்டனை எதுவும் வைக்க முடியாது. "கூடுதலாகக் கொடுக்க விரும்புபவர்கள் வேறொரு நாளில், வேறு இடத்தில், தங்கள் பெயரிலேயே கொடுக்கலாம்" என்ற ஒரு வரியை முன்கூட்டியே சேர்த்துவிட்டால், பெரும்பாலானவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று ஒருவருக்கு மட்டும் பொட்டலம் இல்லாமல் போவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய ஒன்று. இதைத் தவிர்க்க, டிசம்பர் 22-ஆம் தேதிக்குள் எல்லாப் பொட்டலங்களும் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று விதியுங்கள். 24-ஆம் தேதி வந்து சேருபவர்கள் அஞ்சலிலோ இணையக் கடையிலிருந்து நேரடியாகவோ அனுப்பலாம், அல்லது முன்னதாகப் புறப்படும் உறவினரிடம் கொடுத்தனுப்பலாம். பொட்டலத்தின் மேல் பெறுபவரின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். அதுவும் அச்சிட்டதாகவோ வேறொருவர் கையெழுத்தாகவோ இருக்கட்டும், ஏனென்றால் உடன்பிறந்தவர்கள் ஒருவர் கையெழுத்தை மற்றவர் உடனே கண்டுகொள்வார்கள். நடத்துபவர் பெறுபவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வந்தவற்றைக் குறித்துக்கொண்டே வருகிறார். யார் கொடுக்கவில்லை என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. யார் பெயருக்கு வரவில்லை என்று பார்த்தாலே, ரகசியப் பட்டியலிலிருந்து கொடுக்க வேண்டியவர் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், தனியாக நினைவூட்டிவிடலாம். அப்படியும் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு வெந்நீர்க் குடுவையையோ நல்ல துண்டு இரண்டையோ 400 ரூபாய்க்குள் வாங்கி வைத்திருங்கள். பயன்படுத்த நேர்ந்தால் பணத்தை உரியவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

துபாய் தம்பதி கொடுக்கும் பரிசுகளை அவர்கள் இந்திய இணையக் கடை ஒன்றில் வாங்கி, பரிசுத்தாளில் சுற்றி அனுப்பும்படி கேட்டு, நடத்துபவரின் பெயருக்கு அனுப்பினால் அனுப்பியவர் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வரும் பரிசுகளைப் பெரிய அத்தை பிறகு கொண்டுபோவார் என்றால் சரி. இல்லையென்றால் அவர்களை எடுத்தவர்கள் எடை குறைந்த பொருளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். அந்த வீட்டுக் குழந்தையின் பரிசுக்கும் இதுவே பொருந்தும்.

கடைசி நேரத்தில் யாராவது விலகக்கூடும். நெருங்கிய துக்கம் நேர்ந்த வீட்டார் அந்த ஆண்டு கொண்டாட்டத்தைத் தவிர்ப்பது வழக்கம். காரணமே சொல்லாமல் ஒருவர், "இந்த முறை என்னை விட்டுவிடுங்கள்" என்றும் சொல்லலாம். உறைகளை ஒட்டுவதற்கு முந்திய நாள்வரை, நடத்துபவரிடம் ஒரு வார்த்தை சொல்லி யாரும் விலகலாம் என்று வையுங்கள். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருவர் விலகினால் அணிகள் ஒன்பதும் எட்டுமாக ஆகிவிடும். அப்போது பெரிய அணியின் ஒன்பது உறைகளிலிருந்து சிறிய அணியின் எட்டுப் பேரும் முதலில் எடுத்துவிடட்டும். மிஞ்சும் ஓர் உறையை மறு கிண்ணத்தின் எட்டு உறைகளோடு சேர்த்து, ஒன்பது உறைகளுக்கும் புதிதாக எண் எழுதி, பெரிய அணியினர் எடுக்கட்டும். மிஞ்சிய அந்தப் பெயர் அதே ஆளுக்கோ அவர் வீட்டாருக்கோ போய் விழுந்திருந்தால், அழைப்பு முடிந்தபின் உறைகளைப் பிரிக்கும்போது நடத்துபவரே அதை அந்த அணியில் வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரின் உறையோடு மாற்றிவிடலாம். அவர் குலுக்கலில் பங்குபெறாதவர் என்பதால் இந்த மாற்றத்தை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு மாற்றம் நிகழக்கூடும் என்பதை மட்டும் குலுக்கலுக்கு முன்பே எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.